அளவும் நிறமும் ஒரே பேரன்ட் லிஸ்டிங்கில்: அமேசானில் ரிவ்யூ சிதறாமல் சேர்க்கும் முழுமையான வழிகாட்டி

ஒரே பொருளை ஒவ்வொரு நிறத்துக்கும் அளவுக்கும் தனித்தனி லிஸ்டிங்காகப் போட்டுவிட்டு, பிறகு ஒன்றாகச் சேர்க்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அமேசான் செல்லர் சென்ட்ரலில் இந்த வேலையைச் செய்து முடித்ததிலும், புதிதாக வருபவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்த்ததிலும் தெரிந்துகொண்டவை இவை.

ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது. ரிவ்யூ, விற்பனை வரலாறு, ரேங்க் எல்லாமே சைல்டு, அதாவது ஒவ்வொரு நிறத்துக்கும் அளவுக்குமான லிஸ்டிங்குக்கு அமேசான் தரும் அடையாள எண்ணான ASIN-ஓடு ஒட்டியிருப்பவை. பேரன்ட் என்பது அவற்றைக் கட்டி வைக்கும் வெறும் பெட்டி. அதை யாரும் வாங்க முடியாது. அதற்கு விலையும் இல்லை, சரக்கும் இல்லை. பெட்டியைப் பிரித்துத் திரும்பக் கட்டலாம். உள்ளே இருக்கும் ASIN-ஐத் தொலைத்தால் ரிவ்யூவும் அதோடு போய்விடும்.

விளக்கத்துக்கு ஒரு குளியல் துண்டை எடுத்துக்கொள்வோம். சாம்பல், நீலம், வெள்ளை என்று மூன்று நிறம். சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவு. நீலத்தில் பெரிய அளவு மட்டும் இன்னும் தயாரிக்கவில்லை. ஆக, தனித்தனியாக எட்டு லிஸ்டிங் ஓடுகின்றன.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

எட்டு லிஸ்டிங்குக்கும் நீங்கள் வைத்த குறியீடான SKU, ASIN, இப்போதைய ரேட்டிங் எண்ணிக்கை, சராசரி நட்சத்திரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வேலை முடிந்தபின் ரிவ்யூ சரியாகச் சேர்ந்ததா என்று பார்க்க இந்தக் கணக்கு ஒன்றுதான் சாட்சி. பலர் இதைத் தவிர்த்துவிட்டு, பிறகு "முன்னால் எத்தனை இருந்தது?" என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள்.

அடுத்து, ஒவ்வொரு ASIN-க்கும் ஏற்கெனவே வேறு பேரன்ட் இருக்கிறதா என்று பாருங்கள். Manage All Inventory பக்கத்தில் வேரியேஷன் குடும்பங்கள் விரித்துப் பார்க்கும்படி தெரியும். எப்போதோ பாதியில் விட்ட பழைய பேரன்ட் ஒன்று அங்கே கிடக்கலாம். ஒரு சைல்டு ஒரே நேரத்தில் இரண்டு குடும்பத்தில் இருக்க முடியாது. அதனால் பழையதை முதலில் நீக்கியாக வேண்டும்.

பிராண்டு உங்களுடையதா, அது பிராண்டு ரெஜிஸ்ட்ரியில் பதிவாகியிருக்கிறதா என்பதும் முக்கியம். அதே ASIN-இல் வேறு விற்பனையாளர்களும் இருந்தால், நீங்கள் அனுப்பும் மாற்றத்தை அமேசான் ஏற்காமல் போகலாம். பதிவான பிராண்டின் உரிமையாளர் சொல்லுக்கு அங்கே எடை அதிகம்.

## 2. எது சேரும், எது சேராது என்று முடிவு செய்யுங்கள்

அவசரப்படக் கூடாத படி இதுதான். மற்றவற்றில் தப்பு நேர்ந்தால் திருத்திக்கொள்ளலாம். இங்கே தப்பு செய்தால் விதிமீறல் ஆகிவிடும்.

அமேசானின் விதிப்படி, ஒரு குடும்பத்தில் இருப்பவை அடிப்படையில் ஒரே பொருளாக இருக்க வேண்டும். சில சிறிய விஷயங்களில் மட்டுமே வேறுபடலாம். வாங்க வருபவர் இவற்றை ஒரே பக்கத்தில் எதிர்பார்ப்பாரா, எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்பு பொருந்துமா என்று கேட்டுப் பாருங்கள். நிறமும் அளவும் மட்டும் மாறினால் தாராளமாகச் சேர்க்கலாம். பழைய மாடலின் ரிவ்யூவைப் புதிய மாடலுக்குக் கொண்டுவருவதற்காக இரண்டையும் ஒன்றாகக் கட்டுவது கூடவே கூடாது.

இதைச் சின்ன விஷயமாக எண்ண வேண்டாம். 2023-இல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் இதே காரணத்துக்காக பவுன்டிஃபுல் என்ற ஊட்டச்சத்து நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. புதிய பொருள்களை நன்றாக விற்றுக்கொண்டிருந்த வேறு பொருள்களோடு வேரியேஷனாகச் சேர்த்து, அவற்றின் ரிவ்யூவையும் பேட்ஜையும் தங்களுடையதுபோலக் காட்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. அவர்கள் செலுத்த வேண்டியிருந்த தொகை 6 லட்சம் டாலர்.

சரி, நம் துண்டுக்கு வருவோம். எழுதி வைத்த கணக்கைப் பார்க்கிறோம். சாம்பல் மூன்று அளவுக்கும் சேர்த்து 140 ரேட்டிங், சராசரி 4.4. நீலம் இரண்டு அளவுக்கும் 30 ரேட்டிங், சராசரி 4.5. வெள்ளை மூன்றுக்கும் 40 ரேட்டிங், சராசரி 3.1. வெள்ளை மட்டும் ஏன் இப்படி விழுந்து கிடக்கிறது? ரிவ்யூக்களைப் படித்தால் "மெலிசாக இருக்கிறது" என்று திரும்பத் திரும்ப வருகிறது. தயாரிப்பு விவரத்தைப் புரட்டினால், சாம்பலும் நீலமும் சதுர மீட்டருக்கு 500 கிராம் துணி, வெள்ளை 400 கிராம். அதாவது வெள்ளை வேறு பொருள். அதைக் குடும்பத்தில் சேர்க்கக் கூடாது.

கணக்கும் அதையே சொல்கிறது. எட்டையும் சேர்த்தால் 210 ரேட்டிங், சராசரி ஏறக்குறைய 4.2. வெள்ளையை வெளியே விட்டால் 170 ரேட்டிங், சராசரி ஏறக்குறைய 4.4. அமேசான் நட்சத்திரத்தை வெறும் கூட்டல் சராசரியாகக் கணக்கிடுவதில்லை. ரிவ்யூ எவ்வளவு புதியது, உறுதிசெய்த வாங்குதலா என்பதையும் பார்க்கிறது. ஆனாலும் திசை மாறாது. நல்ல ரிவ்யூ எப்படிப் பகிரப்படுகிறதோ, கெட்ட ரிவ்யூவும் அப்படியே பகிரப்படும் என்பதைப் பலர் சேர்த்த பிறகே உணர்கிறார்கள். ஒரு நிறத்தின் ரேட்டிங் மட்டும் மற்றவற்றிலிருந்து மிகவும் விலகி இருந்தால், சேர்ப்பதற்கு முன் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்.

இனி நம் குடும்பத்தில் ஐந்து பேர்: சாம்பலில் மூன்று அளவு, நீலத்தில் இரண்டு.

## 3. நிறம், அளவுப் பெயர்களைச் சீர்செய்யுங்கள்

பேரன்டை உருவாக்கும் முன்பே இதை முடித்துவிட வேண்டும். தேர்வுப் பொத்தான்கள் ஒவ்வொரு சைல்டிலும் எழுதியிருக்கும் பெயரிலிருந்தே உருவாகின்றன. ஒன்றில் `Medium` என்றும் இன்னொன்றில் `M` என்றும் இருந்தால், அமேசானுக்கு அவை இரண்டு அளவுகள். பக்கத்தில் `Medium` என்று ஒரு பொத்தானும் `M` என்று ஒரு பொத்தானும் தனித்தனியாக நிற்கும். `Gray`, `Grey` வேறுபாட்டிலும் இதே கதைதான்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஒரே குடும்பத்தில் இரண்டு சைல்டுக்கு நிறமும் அளவும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கக் கூடாது. பழைய லிஸ்டிங்கை நகலெடுத்துப் புதியது போட்டவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். இரண்டும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுவதால், ஒன்று குடும்பத்தில் சேராமல் நின்றுவிடும்.

லிஸ்டிங் விவரங்களை நிரப்பி ஏற்றும் சில டெம்ப்ளேட் கோப்புகளில் நிறத்துக்கு இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்று வாங்குபவர் படிக்கும் பெயர், அதில் "மேகச் சாம்பல்" என்று என்ன வேண்டுமானாலும் வைக்கலாம். மற்றொன்று தேடல் வடிகட்டிக்கான பொதுநிறம். அதற்குப் பட்டியலிலிருந்து அடிப்படை நிறத்தை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டாவதைக் காலியாக விட்டால், சாம்பல் நிறம் என்று வடிகட்டித் தேடுபவர் கண்ணில் உங்கள் துண்டு படாமல் போகலாம்.

## 4. வேரியேஷன் தீம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

எந்தெந்தப் பண்பு மாறுகிறது என்று அமேசானுக்குச் சொல்வது இந்தத் தீம்தான். நம் துண்டுக்கு நிறமும் அளவும் சேர்ந்த தீம் வேண்டும். உங்கள் பொருளின் பிரிவுக்குரிய டெம்ப்ளேட்டை இறக்கி, Variation Theme Name கட்டத்தின் கீழ்விரியும் பட்டியலில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே எடுங்கள். கையால் தட்டச்சு செய்ய வேண்டாம். பிரிவுக்குப் பிரிவு எழுத்துமுறை மாறும்.

இப்போதைக்கு நிறம் மட்டும்தானே மாறுகிறது என்று நிறத் தீம் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கிறவர்கள் உண்டு. ஆறு மாதம் கழித்து இன்னொரு அளவு வந்ததும் அதைச் சேர்க்க இடம் இருக்காது. பேரன்டை நீக்கித் திரும்பக் கட்ட வேண்டிவரும். அளவு வரும் என்று தெரிந்தால் தொடக்கத்திலேயே இரண்டும் சேர்ந்த தீம் வையுங்கள்.

## 5. பேரன்டையும் சைல்டுகளையும் ஒரே கோப்பில் இணையுங்கள்

திரையில் ஒவ்வொன்றாகச் செய்யலாம்தான். ஆனால் ஐந்துக்கு மேல் போனால் டெம்ப்ளேட் கோப்பே நல்லது. எந்த வரியில் தவறு என்று பிறகு பார்க்க முடியும். முக்கியமான கட்டங்கள் மட்டும் இப்படி இருக்கும்:

```
SKU, Listing Action, Parentage Level, Parent SKU, Variation Theme Name, Color, Size
TWL-PARENT, Create or Replace (Full Update), Parent, , COLOR/SIZE, ,
TWL-GRY-S, Edit (Partial Update), Child, TWL-PARENT, COLOR/SIZE, Grey, Small
TWL-GRY-M, Edit (Partial Update), Child, TWL-PARENT, COLOR/SIZE, Grey, Medium
```

மீதி மூன்று சைல்டுக்கும் இதே பாங்கில் ஒவ்வொரு வரி. இதில் கவனிக்க வேண்டியவை மூன்று.

பேரன்ட் வரி முதலில் வரட்டும். கீழே வரும் வரிகள் எல்லாம் அதன் SKU-வைச் சுட்டுகின்றன. மேலிருந்து கீழே படித்துச் சரிபார்க்கும்போது குழப்பம் வராது. அந்த வரியில் நிறம், அளவு, விலை, சரக்கு, பார்கோடு எதுவும் வேண்டாம். தலைப்பும் பிராண்டும் அந்தப் பிரிவு கட்டாயமாகக் கேட்கும் மற்ற விவரங்களும் போதும். தலைப்பில் நிறத்தையோ அளவையோ எழுதாதீர்கள்.

அடுத்தது Listing Action. ஏற்கெனவே விற்றுக்கொண்டிருக்கும் சைல்டுகளுக்கு Edit (Partial Update) மட்டும். நீங்கள் நிரப்பிய கட்டத்தை மட்டும் அது மாற்றும். Full Update கொடுத்தால், காலியாக விட்ட கட்டங்களையும் "இதை அழித்துவிடு" என்று எடுத்துக்கொள்ளும். விளக்கம், தேடல் சொற்கள் எல்லாம் காணாமல் போன லிஸ்டிங்குகளை நான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் இந்த ஒரு கட்டம்தான் காரணம்.

மூன்றாவது, என் பார்வையில் மிக முக்கியமானது. சைல்டு வரிகளில் இருப்பவை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அதே SKU-க்களாக இருக்க வேண்டும். "சுத்தமாகப் புதிதாகத் தொடங்கலாம்" என்று பழைய லிஸ்டிங்குகளை நீக்கி, புதிய பார்கோடு வாங்கி, புதிய குடும்பம் போடுகிறார்கள் புதியவர்கள். குடும்பம் அழகாக வரும். ஆனால் ASIN புதிது, ரிவ்யூ சுழியம். சாம்பல் துண்டின் 140 ரேட்டிங்கும் பழைய ASIN-ஓடு தங்கிவிடும்.

கோப்பை ஏற்றியதும் செயலாக்க அறிக்கையை இறக்கிப் படியுங்கள். கோப்பு "முடிந்தது" என்று காட்டுவதற்கும் எல்லா வரியும் ஏற்கப்பட்டது என்பதற்கும் சம்பந்தமில்லை. ஐந்தில் நான்கு ஏறி ஒன்று நின்றிருந்தால், அந்த அறிக்கையில்தான் தெரியும். நின்ற வரியை மட்டும் திருத்தித் திரும்ப ஏற்றினால் போதும்.

## 6. ஒரு நாள் விடுங்கள், பிறகு சரிபாருங்கள்

மாற்றம் சில நிமிடங்களிலும் வரலாம், 24 மணி நேரமும் ஆகலாம். நடுவில் பொறுமையிழந்து கோப்பைத் திரும்பத் திரும்ப ஏற்றினால், எந்த ஏற்றம் எதை மாற்றியது என்று கண்டுபிடிக்க முடியாது. பெரிய விற்பனை நாள்களுக்கு முந்தின வாரம் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். குடும்பம் பாதி சேர்ந்த நிலையில் விற்பனை நாள் வந்துவிட்டால் கை கட்டி நிற்க வேண்டியதுதான்.

பிறகு, கணக்கிலிருந்து வெளியேறிய ஒரு உலாவியில் ஐந்து ASIN-களையும் ஒவ்வொன்றாகத் திறங்கள். எந்தப் பக்கத்தில் நுழைந்தாலும் நிறத்துக்கும் அளவுக்கும் தேர்வுப் பொத்தான்கள் தெரிய வேண்டும். நீலத்தைத் தேர்ந்தால் பெரிய அளவு கிடைக்காததாகக் காட்ட வேண்டும். இது தவறில்லை, இல்லாத சேர்க்கைக்குப் போலியாக ஒரு சைல்டு போட்டு இடத்தை நிரப்பத் தேவையில்லை.

ரேட்டிங் எண்ணிக்கை ஐந்து பக்கத்திலும் ஒன்றாக, நம் கணக்குப்படி 170-ஐ ஒட்டி வர வேண்டும். சாம்பல் பக்கத்தில் 140, நீலப் பக்கத்தில் 30 என்றே நின்றால், குடும்பம் திரையில் சேர்ந்திருந்தாலும் ரிவ்யூ இன்னும் சேரவில்லை. இன்னும் ஒன்றிரண்டு நாள் பாருங்கள். அதன் பிறகும் அப்படியே இருந்தால், பேரன்ட் ASIN-ஐயும் ஐந்து சைல்டு ASIN-களையும் முதலில் எழுதி வைத்த எண்ணிக்கையையும் சேர்த்து செல்லர் சப்போர்ட்டுக்கு ஒரே செய்தியாக எழுதுங்கள். "ரிவ்யூ காணோம்" என்று மட்டும் எழுதினால் வரும் பதில் உதவாது.

## 7. ரேங்கில் என்ன எதிர்பார்க்கலாம்

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். ஐந்து ரேங்குகளைக் கூட்டி ஒரு பெரிய ரேங்க் கிடைக்காது. தேடல் முடிவில் பொதுவாகக் குடும்பத்தின் சார்பில் ஒரு சைல்டு தோன்றும். முன்பு ஐந்து லிஸ்டிங்கும் தனித்தனியாக அதே தேடலில் ஒன்றோடு ஒன்று மோதின. இப்போது ஒன்று முன்னால் நிற்கிறது, மற்றவை அதன் பக்கத்துக்குள் இருக்கின்றன.

லாபம் அங்கிருந்துதான் வருகிறது. 30 ரேட்டிங்கோடு நின்ற நீலம் இப்போது 170-ஓடு தெரிகிறது. சாம்பலைப் பார்க்க வந்தவர் பக்கத்தை விட்டுப் போகாமல் நீலத்தை வாங்குகிறார். ஒரு அளவு தீர்ந்துபோனாலும் வந்தவருக்கு அதே பக்கத்தில் வேறு தேர்வு இருக்கிறது. விற்பனைத் தரவரிசை எண்ணைப் பொறுத்தவரை, சில பிரிவுகளில் குடும்பம் முழுவதும் ஒரே எண்ணைக் காட்டும், சிலவற்றில் ஒவ்வொரு சைல்டும் தன் எண்ணை வைத்திருக்கும். சேர்த்த மறுநாள் அந்த எண் மாறியிருந்தால் அதை வைத்து வெற்றி தோல்வி சொல்லாதீர்கள். ஐந்து சைல்டின் மொத்த விற்பனையை, சேர்ப்பதற்கு முந்தைய நான்கு வாரத்தோடு ஒப்பிடுங்கள்.

விளம்பரம் ஓட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. விளம்பரம் சைல்டு அளவில்தான் ஓடும். ஒரே தேடல் சொல்லுக்கு ஐந்தையும் ஓட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. நன்றாக விற்பதும் சரக்கு நிறைய இருப்பதுமான ஒன்று அல்லது இரண்டை மட்டும் முன்னிறுத்துங்கள்.

## 8. பிறகு சேர்ப்பதும் பிரிப்பதும்

நீலத்தில் பெரிய அளவு தயாராகி வந்தால், அதற்கு மட்டும் ஒரு வரி எழுதினால் போதும்: புதிய SKU, `Child`, `TWL-PARENT`, `COLOR/SIZE`, `Blue`, `Large`. இது புதிய பொருள் என்பதால் இதற்கு Full Update தான், பார்கோடும் விலையும் சரக்கும் வேண்டும். பேரன்ட் வரியைத் தொடாதீர்கள்.

குடும்பம் தப்பாகக் கட்டப்பட்டிருந்தால், பேரன்ட் SKU-வை மட்டும் நீக்குங்கள். சைல்டுகள் தங்கள் ரிவ்யூவோடு தனித்தனி லிஸ்டிங்காக நிற்கும். 24 மணி நேரம் கழித்துச் சரியானவற்றை வைத்துப் புதிய பேரன்டைக் கட்டலாம். சைல்டு SKU-வை நீக்கி வேலையைச் சுருக்கப் பார்க்க வேண்டாம். அமேசான் கிடங்கில் அந்த SKU-வின் சரக்கு இருந்தால், லிஸ்டிங் இல்லாத சரக்காக அது முடங்கிவிடும்.

வெள்ளைத் துண்டுக்கு வழி என்னவென்றால், அது தன் மூன்று அளவோடு தனிக் குடும்பமாக, தனிப் பேரன்டின் கீழ் இருக்கட்டும். தலைப்பில் 400 கிராம் துணி என்று தெளிவாக எழுதுங்கள். "மெலிசாக இருக்கிறது" என்ற ரிவ்யூ குறைய அது உதவும். பின்னாளில் 500 கிராம் துணியில் வெள்ளை வந்தால், அதற்குப் புதிய பார்கோடு, புதிய SKU கொடுத்து `TWL-PARENT` குடும்பத்தில் சேருங்கள். பழைய வெள்ளையின் ASIN-ஐ எடுத்து உள்ளே இருக்கும் துணியை மட்டும் மாற்றிவிட வேண்டாம். அந்த 40 ரேட்டிங்கும் 400 கிராம் துணியை வாங்கியவர்கள் எழுதியவை.